பட்டம் என்றால் வட்டம்

என் அக்கா மகளுக்கு ஐந்து வயது, யூ.கே.ஜி. படிக்கிறாள். எழுத்துகளை அச்சு மாதிரி எழுதுவாள். ஆனால் இரண்டு எழுத்தைச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் "ப... ல்..." என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் 'கொஞ்சம் மந்தம்' என்று சொல்லிவிட்டார்கள். அக்கா ரொம்பவே உடைந்து போனாள். செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த நான், நோட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்துவிட்டு அவளோடு வெறும் வாயால் விளையாட ஆரம்பித்தேன்.

"பட்டத்துக்கு ஜோடியா ஒரு வார்த்தை சொல்லு" என்றேன். "நூல்" என்றாள் பட்டென்று.

நல்ல பதில்தானே! மந்தமான பிள்ளை இப்படிச் சொல்லுமா? ஆனால் அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து வயதில் ஒரு சொல் என்றால் அதன் பொருள்தான். 'பட்டம்' என்றதும் வானத்தில் பறப்பது நினைவுக்கு வருமே தவிர, ப-ட்-ட-ம் என்ற ஓசை காதில் தனியாக நிற்காது. ஓசை தனியாகக் கேட்காத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோலம்தான்.

இதை விளக்கிச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அதனால் மூன்று சொற்களைச் சொல்லி, சேராததைக் கேட்டேன். முதலில் "பட்டம், வட்டம், குடை". 'குடை' என்று சரியாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து "பட்டம், நூல், வட்டம்" என்றேன். இது கொஞ்சம் வில்லங்கமான கேள்வி. பொருளைப் பார்த்தால் வட்டம் வெளியே போகும், ஓசையைப் பார்த்தால் நூல் வெளியே போகும். முதல் முறை வட்டத்தைத் தள்ளினாள். நான்காம் நாள் யோசித்து, உதட்டை அசைத்துப் பார்த்து, "நூல்" என்றாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது; படம் மறுபடியும் பொருளுக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அப்புறம் அவளே சொல்ல வேண்டும். சட்டம், கட்டம், மட்டம் என்று வந்து கடைசியில் "ஞட்டம்" என்றாள். அக்கா திருத்தப் போனாள், நான் தடுத்தேன். இல்லாத சொல்லை நினைவிலிருந்து எடுக்க முடியாது, பொருளிலிருந்தும் எடுக்க முடியாது. ஓசையைப் பிடித்து முதல் எழுத்தை மாற்றினால்தான் அது வரும். 'ஞட்டம்' என் கணக்கில் முழு மதிப்பெண்!

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஒருநாள் "பட்டம், மரம்" என்றாள். இரண்டும் 'ம்' என்று முடிகிறதே! ஆங்கில ரைம்ஸைப் பார்த்து விளையாட்டு அமைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் மொழியில் நிறையச் சொற்கள் 'அம்' என்று முடியும். வந்தான், போனான் எல்லாம் தானாகவே ஒத்துப்போகும். கடைசி ஓசை மட்டும் போதும் என்றால் காதுக்கு வேலையே இல்லை. நாம் பள்ளியில் கடனே என்று படித்த எதுகைதான் இதற்குச் சரியான அளவுகோல். இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று இருக்க வேண்டும். 'கல்'லுக்கு 'பல்' சேரும், 'பால்' சேராது. இந்தக் குறில் நெடில் வேறுபாடு காதில் விழுந்துவிட்டால் பின்னால் துணைக்கால் தகராறு பாதி குறையும்.

ஒரு சின்னப் பாட்டும் கட்டினேன். கவிதை என்று சிரிக்காதீர்கள்.

காட்டுப் பக்கம் ஆடு
கட்டி வெச்ச மாடு
பாட்டி சொன்னா பாடு
பாதி தோசை போடு

மூன்று நாள் முழுதாகப் பாடினோம். பிறகு கடைசிச் சொல்லை நான் விழுங்கிவிடுவேன், அவள் நிரப்புவாள். இது மனப்பாடமாகவும் இருக்கலாம் இல்லையா? அதனால் ஒருநாள் "கட்டி வெச்ச நாய்" என்று பாடினேன். பொருளில் குற்றமே இல்லை, நாயைக் கட்டித்தான் வைப்பார்கள். ஆனாலும் "சித்தி, நாய் ஒட்டல!" என்று கத்தினாள். அந்த 'ஒட்டல'தான் எனக்கு வேண்டியிருந்தது.

1983-இல் வெளியான ஓர் ஆய்வில் பிராட்லி, பிரையன்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 400 பேருக்கு மேல் இப்படிச் சேராத சொல்லைக் கேட்டுப் பார்த்து, அவர்கள் படிக்கக் கற்றதைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓசை விளையாட்டோடு எழுத்தையும் சேர்த்துப் பழகியவர்களே அதிகம் முன்னேறினார்கள். அதனால் இரண்டாம் வாரம் பிளாஸ்டிக் எழுத்துகளை எடுத்தேன். 'ல்' அப்படியே இருக்கட்டும், முன்னால் உள்ளதை மட்டும் மாற்று என்றேன். ப-ல், பல். க-ல், கல். நின்று நின்று வந்தாலும் சேர்ந்து வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எதுகை விளையாட்டு ஒரு முழு எழுத்தை எடுத்து இன்னொன்றை வைக்கத்தான் சொல்லித் தரும். 'கி' என்பதற்குள் 'க்', 'இ' என்று இரண்டு ஓசை இருப்பதை அது காட்டாது. அது வேறு வேலை, பெரும்பாலும் கொடியும் கொம்பும் எழுதிப் பழகும்போதுதான் பிடிபடும். இப்போதைக்கு 'கிளி' என்று எழுதிக் காட்டினால் "களி" என்றுதான் படிக்கிறாள்.