சொற்கள் இடம் மாறினால்

தரம் ஐந்தில் படிக்கும் என் தம்பியின் பயிற்சித்தாளில் ஐந்து சொற்கள் கலைத்துப் போடப்பட்டிருந்தன: உம்மாவுடன், போனான், நேற்று, சந்தைக்குப், தம்பி. ‘உம்மாவுடன் நேற்று தம்பி சந்தைக்குப் போனான்’ என்று அவன் எழுதியிருந்தான். அதற்குப் பிழை போட்டு, ‘தம்பி நேற்று உம்மாவுடன் சந்தைக்குப் போனான்’ என்று சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தார்கள்.

“ராத்தா, நான் எழுதினதுல என்ன பிழை?” என்று கேட்டான்.

உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறேன். என்றாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இருவரும் சேர்ந்து அந்தச் சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதி இடம் மாற்றிப் பார்த்தோம்.

பயனிலையான ‘போனான்’ கடைசியில் வர வேண்டும். பேச்சில் “போனான் தம்பி” என்போம்; பயிற்சிக்கு அது சரிவராது. ‘சந்தைக்குப்’ என்ற சொல்லின் ஈற்றிலுள்ள ‘ப்’ அடுத்த சொல்லைக் காட்டிக் கொடுக்கிறது. பகரத்தில் தொடங்குவது ‘போனான்’ மட்டும்தான். ஆகவே இரண்டு இடங்கள் உறுதி. மிச்சமுள்ள மூன்று சொற்களை ஆறு விதமாக அடுக்கலாம். ஆறும் சரியான வாக்கியங்களே! ‘உடன்’, ‘கு’ என்ற உருபுகள் ஒட்டியிருப்பதால் யாருடன், எங்கே என்பது எங்கு வைத்தாலும் விளங்கிவிடுகிறது. எழுவாயை முதலில் வைப்பது வழக்கமான ஒழுங்கு, அவ்வளவுதான். தம்பியின் விடைக்குப் புள்ளி கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆனால் எல்லாச் சொற்களுக்கும் இந்தச் சுதந்திரம் இல்லை. ‘வாப்பா தம்பிக்குப் புதிய சைக்கிள் வாங்கினார்’ என்பதில் ‘புதிய’ என்ற பெயரெச்சம் சைக்கிளை விட்டு நகரக்கூடாது. ‘வாப்பா புதிய தம்பிக்குச் சைக்கிள் வாங்கினார்’ என்று மாற்றினேன். “புதிய தம்பியா? எனக்குத் தெரியாமலா?” என்று உம்மா குசினியிலிருந்து கேட்டா. ‘பூனை எலி பிடித்தது’ என்பதும் அப்படித்தான். ‘எலியை’ என்று உருபு சேர்த்தால் ‘எலியைப் பூனை பிடித்தது’ என்று தாராளமாக மாற்றலாம். உருபு இல்லாவிட்டால் எது எதைப் பிடித்தது என்பதை இடம்தான் சொல்ல வேண்டும்.

வினாவாக்கும்போது தமிழில் ஒழுங்கு மாறத் தேவையில்லை. ‘ஆ’ என்ற எழுத்துப் போதும். அது ஒட்டும் இடத்தில்தான் சந்தேகம் இருக்கும். ‘தம்பி நேற்று சந்தைக்குப் போனானா?’ என்றால் போனதே தெரியாது. ‘தம்பி நேற்றா சந்தைக்குப் போனான்?’ என்றால் போனது தெரியும், நாள்தான் தெரியாது.

இந்தப் பழக்கத்தோடுதான் தம்பி ஆங்கிலப் பயிற்சிக்குப் போகிறான். ‘நீ எங்கே போகிறாய்?’ என்பதை நினைத்துக்கொண்டு ‘வேர் யூ ஆர் கோயிங்’ என்று எழுதுகிறான். அங்கே ‘ஆர்’ என்ற துணைவினை ‘யூ’வுக்கு முன்னால் பாய வேண்டும். தமிழில் அப்படிப் பாயும் சொல் எதுவும் இல்லாததால் அவனுக்கு அது வீண் வேலையாகத் தெரிகிறது. இப்போது கேள்விக்குறியைக் கண்டதும் முதலில் துணைவினையைத் தேடி வட்டமிடச் சொல்லியிருக்கிறேன். பிறகுதான் மற்றச் சொற்களைத் தொடுகிறான்.