சாம்பல் வாசனை

மூன்று மாதம் எங்கள் வீட்டுக் காபி சாம்பல் போல இருந்தது. டெல்லிக்கு வந்திருந்த மாமனார் இரண்டாம் நாளே டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். "மாப்பிள்ளை, பொடியைத் தீய வறுத்துட்டான். கடையை மாத்துங்க" என்றார்.

பதினைந்து வருடமாகப் பொடி வாங்கும் கடை. இருந்தாலும் மாமனார் சொல்லிவிட்டாரே! பொட்டலத்தோடு சண்டைக்குப் போனேன்.

கடைக்காரர் கோபப்படவில்லை. அதே பொடியில் பத்து கிராமை ஒரு டம்ளரில் போட்டார். கொதித்து அடங்கிய வெந்நீர் 180 மில்லி ஊற்றி, நான்கு நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டினார். "பாலும் சர்க்கரையும் வேண்டாம் சார். அப்படியே குடிங்க."

கசந்தது. லேசான புகையும் இருந்தது. ஆனால் விழுங்கியபின் வெல்லம் போல ஒரு இனிப்பு தங்கியது. சாம்பல் இல்லை.

"வறுவல் கருகியிருந்தா, நீங்க எப்படிப் போட்டாலும் முதல் வாயிலேயே கரி வரும். தண்ணி நிறைய விட்டா குறையும், போகாது. இங்கே நல்லா இருந்து வீட்டிலே கெட்டுப்போனா, பொடியைத் திட்டாதீங்க. உங்க ஃபில்டரைக் கொண்டாங்க."

கொண்டுபோனேன். மேல் அடுக்கை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துளைகளில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அரைமணிக்குள் இறங்க வேண்டிய டிகாக்ஷன், எங்கள் வீட்டில் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் பொடி வெந்நீரில் ஊறி, கடைசியில் வரும் கசப்பையும் துவர்ப்பையும் சேர்த்து விட்டுக் கொடுக்கிறது. நாக்கு வறண்டு போவது அதனால்தான்.

கரி வாசனை எங்கிருந்து? அதற்கும் நானே பொறுப்பு. அடைப்பு எடுக்க, என் அம்மா செய்ததைப் பார்த்து, ஃபில்டரை அடுப்புத் தணலில் காட்டுவேன். துளையில் இருந்த பழைய பொடி கருகும். அம்மா அதன்பிறகு நார் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். நான் தட்டிவிட்டு அப்படியே பொடி போட்டுவிடுவேன். போதாததற்கு, ஆறிய டிகாக்ஷனை நேராக அடுப்பில் வைத்துச் சுடவைப்பதும் உண்டு.

துளைகளை ஊசியால் குத்தி, கொதிநீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். டிகாக்ஷன் இருபது நிமிடத்தில் இறங்கியது. ஆறினால் இப்போது பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்குகிறேன். சாம்பல் போயிற்று. லேசான புகை மட்டும் மிச்சம். அது வறுவலின் குணம். கொட்டை இருண்டு, மேலே எண்ணெய் மினுக்கும்வரை வறுத்தால் அது வரத்தான் செய்யும். அதை 'ஸ்ட்ராங்' என்று சொல்லி ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு ஒத்துவரவில்லை. அடுத்த முறை வறுவலை ஒரு படி குறைக்கச் சொன்னேன்.

மாமனார் ஊருக்குப் போகும் அன்று காலை இரண்டாவது டம்ளர் கேட்டார்.

"கடையை மாத்திட்டீங்க போல."

நான் சிரித்து வைத்தேன்.