கயிற்றைத் தள்ளும் வேலை

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த முப்பரிமாண அச்சுக்கூடம். நான் போன அன்று ஐந்து மெஷின்கள் ஓடின. நான்கில் வேலை விறுவிறுப்பாக நடந்தது. மூலையில் இருந்த ஐந்தாவது மட்டும் எறும்பைப் போல ஊர்ந்துகொண்டிருந்தது.

“அதுல டி.பி.யு. ஓடுதுங்க. அவசரப்படுத்துனா அன்னைக்கு வேலை கெட்டுப்போச்சு” என்றார் பட்டறைக்காரர். இருபது வருடம் லேத்தில் நின்றுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன்.

டி.பி.யு. என்பது ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக். அவர் கையிலிருந்த ரோலில் 95ஏ என்று கடினத்தன்மை அச்சிட்டிருந்தது. 1.75 மி.மீ. தடிமனுள்ள அந்த இழையில் ஒரு சாண் வெட்டி என்னிடம் கொடுத்து, நுனியை மேசையில் ஊன்றித் தள்ளச் சொன்னார். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து அழுத்தினேன். இழை வில்லாக வளைந்து ஒதுங்கியது. விரலை நுனிக்கு அருகே, ஒரு சென்டிமீட்டரில் வைத்து அழுத்தினேன், மேசையைக் குத்தியது.

“இவ்வளவுதாங்க விஷயம். கயித்தை இழுக்கலாம், தள்ள முடியாது. தள்ளித்தான் ஆகணும்னா, நுனிக்குப் பக்கத்துல பிடிச்சுத் தள்ளணும்.”

அங்கிருந்த இரண்டு வகை மெஷின்களின் வேறுபாடும் அதில் அடங்கிவிட்டது. டைரக்ட் டிரைவில் இழையைத் தள்ளும் பல்சக்கரம், உருக்கும் முனையின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். சக்கரத்துக்கும் சூட்டுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான். போடன் வகையில் சக்கரமும் மோட்டாரும் சட்டத்தில் தனியே நிற்கும். அங்கிருந்து ஒரு டெஃப்லான் குழாய் வழியாக இழை தலைக்குப் போகும். அந்தப் பட்டறையின் மெஷினில் குழாயின் நீளம் 40 செ.மீ. எர்னஸ்ட் மோனிங்டன் போடன் 1896-இல் காப்புரிமை பெற்ற கம்பிவடத்திலிருந்து வந்த பெயர் இது. சைக்கிள் பிரேக்கில் உறைக்குள் ஓடும் கம்பி அதுதான். ஆனால் பிரேக் கம்பியை நாம் இழுக்கிறோம். இங்கே இழையைத் தள்ளுகிறோம்.

அன்றைய வேலை ஒரு ஸ்டார் ரப்பர். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் இரண்டு இரும்புப் பாதிகளுக்கு நடுவே உட்காரும் ஆறு இதழ் நட்சத்திரம். பழைய அளவு; கடையில் கிடைக்கவில்லை. காலையில் டைரக்ட் மெஷினில் வேறு வேலை ஓடியதால், உதவிக்கு இருந்த டிப்ளமோ முடித்த பெண் இதைப் போடன் மெஷினில், பி.எல்.ஏ.வுக்கு இருந்த அமைப்பிலேயே போட்டிருக்கிறார். வேகம் நொடிக்கு 60 மி.மீ.; ரிட்ராக்‌ஷன், அதாவது முனை இடம் மாறும்போது இழையைப் பின்னுக்கு இழுக்கும் அளவு, 6 மி.மீ.

கெட்டுப்போன துண்டை எடுத்துக் காட்டினார். முதல் மூன்று நான்கு அடுக்குகள் சரியாக இருந்தன. அதற்கு மேல் சுவர் வலை போலத் துளை விழுந்திருந்தது. பிறகு எதுவுமே இல்லை. “டக் டக்னு சத்தம் வந்துச்சுங்கண்ணா, திரும்பிப் பாத்தா சக்கரத்துப் பக்கமா இழை சுருண்டு வெளிய வந்துட்டுது” என்றார் அந்தப் பெண்.

அண்ணன் காரணத்தைப் பிரித்துச் சொன்னார். வேகம் கூடும்போது சிறிய துளை வழியாக உருகியதைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும். பி.எல்.ஏ. விறைப்பான கம்பி, அழுத்தத்தை அப்படியே கடத்தும். டி.பி.யு. அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு இளகியது. குழாய்க்குள் அது சுருங்கும், சுவரில் உரசி நெளியும். முன்னே போக வழியில்லாதபோது, சக்கரத்துக்கும் குழாய் வாய்க்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளியில் மடங்கி வெளியேறும்.

ரிட்ராக்‌ஷன் கதையும் இதுவே. 40 செ.மீ. இழை நூற்றில் ஒரு பங்கு நீண்டாலே 4 மி.மீ. ஆகிவிடுகிறது. சக்கரம் 6 மி.மீ. பின்னுக்கு இழுத்தாலும், பெரும்பகுதி இழை நீள்வதிலேயே போய்விடும். முனையில் அழுத்தம் சற்றே குறையும். திரும்பத் தள்ளும்போது அந்தத் தளர்ச்சி முழுவதும் இறுகிய பிறகே உருகியது வெளியே வரும். ஆகவே ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு வெற்றிடம். இப்படி முன்னும் பின்னும் ஓடுவதில் சக்கரப் பல், இழையின் ஒரே இடத்தைக் கடித்துப் பள்ளமாக்கிவிடும். நூல் நூலாக இழுக்கிறதே என்று ரிட்ராக்‌ஷனைக் கூட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை அவர் ஊகிப்பதில்லை. முனையைச் சூடாக்கி, சக்கரத்துக்கு முன்னால் இழையில் 70 மி.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு, இதை அனுப்புகிறார்:

```
M83
G1 E50 F60
```

நொடிக்கு 1 மி.மீ. வீதம் 50 மி.மீ. தள்ளச் சொல்லும் கட்டளை. முடிவில் கோடு சக்கரத்திலிருந்து 20 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். 26-இல் நின்றால் 6 மி.மீ. வழுக்கியிருக்கிறது. F120, F180 என்று ஏற்றிப் பார்த்தால் எந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழேயே ஓட்ட வேண்டும்.

பகலில் டைரக்ட் மெஷின் காலியானதும் அதே ஸ்டாரை ஏற்றினார். முனை 228 டிகிரி, வேகம் 25 மி.மீ., ரிட்ராக்‌ஷன் 0.8 மி.மீ. அடுக்கு 0.2, கோட்டின் அகலம் 0.45 என்றால், நொடிக்கு 2.25 கன மி.மீ. வெளியே வரும். அதற்கு உள்ளே போகும் இழை நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சோதனையில் சுத்தமாகத் தேறிய வேகம். ஸ்டாரின் கன அளவு 15 கன செ.மீ. என்பதால் இரண்டு மணி நேரம். பி.எல்.ஏ. வேகத்தில் முக்கால் மணியில் முடிந்திருக்கும்.

போடன் அமைப்பின் லாபமே தலையின் எடை குறைவதும் அதனால் வேகமாக ஓட முடிவதும்தான். 25 மி.மீ. வேகத்தில் அந்த லாபம் எதற்கும் பயன்படவில்லை. நீண்ட குழாயின் நஷ்டம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்காக அவர் அதைத் தூக்கிப்போடவில்லை. நெருக்கடியில் 95ஏ இழையை அதிலும் ஓட்டுவார். சக்கரத்தை ஒட்டிய இடைவெளியை அடைத்திருக்கிறார், உள்விட்டம் 1.9 மி.மீ. உள்ள இறுக்கமான குழாய் வைத்திருக்கிறார், இழையை அமுக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கொள்வார். வேகம் 15 முதல் 20, ரிட்ராக்‌ஷன் 2 மி.மீ. அல்லது பூஜ்யம். முனை பொருளுக்கு வெளியே தாண்டாமல் உள்ளுக்குள்ளேயே நகரும்படி ஸ்லைசரில் அமைத்துவிட்டால், கசிவது உள்ளேயே விழுந்து மறைந்துவிடும். பல துண்டுகளை ஒரே சமயத்தில் போடாமல் ஒவ்வொன்றாக முடிப்பதும் அதற்காகத்தான். 85ஏ போல இன்னும் இளகிய இழையை மட்டும் போடனில் ஏற்றுவதில்லை.

நடுவில் முனையிலிருந்து பொரிவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. அண்ணன் உடனே நிறுத்தி, ரோலை மாற்றினார். டி.பி.யு. காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும்; சூட்டில் அது ஆவியாகிக் குமிழிடும், நூலும் இழுக்கும். “நூல் இழுத்தா எல்லாரும் ரிட்ராக்‌ஷன்ல கை வைப்பாங்க. நான் முதல்ல ரோலைத்தான் பார்ப்பேன்.” 50 டிகிரிப் பெட்டியில் இரவு முழுக்கக் காய்ந்த ரோலைப் பூட்டி, வேலையை முதலிலிருந்து தொடங்கினார். இழை தாராளமாக அவிழ்கிறதா என்று ரோலை ஒருமுறை சுற்றிவிட்டார். அங்கே இறுகினாலும் இழை நீண்டு, மெலிந்துதான் உள்ளே போகும்.

பசை பூசிய தகட்டிலிருந்து ஸ்டாரைப் பிரித்தபோது மணி ஆறு. பசை ஒட்டுவதற்கல்ல, பிரிவதற்கு, இல்லையென்றால் டி.பி.யு. தகட்டின் மேற்பூச்சையே உரித்துக்கொண்டு வரும். இதழ் ஒன்றை அந்தப் பெண் கட்டைவிரலால் அமுக்கினார். அமுங்கி, மெதுவாக நிமிர்ந்தது. கப்ளிங்கின் இரண்டு பாதியையும் வைத்துப் பார்த்தார். கையால் தட்டியதும் உள்ளே உட்கார்ந்தது.

அச்சில் வார்த்த ஸ்டார் கிடைக்கும்வரை இது ஓடும், தொட முடியாத அளவு கப்ளிங் சூடேறினால் நிறுத்திப் பார்க்கவும் என்று அண்ணன் பில்லின் பின்பக்கம் எழுதினார். அந்தப் பெண் போடன் மெஷினுக்குப் போய், சக்கரத்தில் சுருண்டிருந்த காலை இழையை இடுக்கியால் பொறுமையாக இழுத்து எடுக்கத் தொடங்கினார். இழுக்கும்போது அது தடையில்லாமல் வந்தது.