சராசரி மறைத்தது

மதுரை
14.11.2024

அன்புள்ள முரளிக்கு,

அம்மாவின் ரத்த ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, "ஹீமோகுளோபின் மட்டும்தான் கம்மி. அணுக்களின் அளவு நார்மல், வயசானா அப்படித்தான்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் போன வாரம் அம்மா இங்கே வந்திருந்தபோது நானே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். உனக்கும் விவரம் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஹீமோகுளோபின் 8.8. ரத்தசோகை இருக்கிறது என்பதை அது சொல்லும். ஏன் வந்தது என்று சொல்லாது. காரணத்தைத் தேட முதலில் பார்ப்பது எம்சிவி, அதாவது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை நார்மல். ஒரு ஃபெம்டோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 80-க்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைவையோ தலசீமியாவையோ சந்தேகிப்போம். 100-ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு, குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு என்று தேடுவோம். நடுவில் நின்றால் சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நோய், திடீர் ரத்த இழப்பு. அம்மாவுக்கு 87. உன் டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

நம் வீட்டுத் தீபாவளிப் பூந்தியை நினைத்துக்கொள். அம்மா தேய்த்தால் எல்லாம் ஒரே அளவில் விழும். நீ தேய்த்த வருஷம் பாதி மிளகு மாதிரியும் பாதி சுண்டைக்காய் மாதிரியும் விழுந்தது. இரண்டு தட்டையும் நிறுத்து எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பூந்தியின் சராசரி எடை இரண்டிலும் ஒன்றாகவே வரலாம். உன் தட்டின் லட்சணத்தைச் சராசரி காட்டாது.

அதைக் காட்டுவதுதான் ரிப்போர்ட்டில் சில வரி தள்ளி இருக்கும் ஆர்டிடபிள்யூ. அணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சராசரியின் சதவீதமாகச் சொல்லும் எண் அது. சுமார் 11.5 முதல் 14.5 வரை இருக்கலாம். அம்மாவுக்கு 21.8. சராசரி நார்மல், ஆனால் அணுக்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. 1983-இல் பெஸ்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துவைத்தே ரத்தசோகையை வகைப்படுத்தினார்கள். எம்சிவி குறைந்து ஆர்டிடபிள்யூ கூடியிருந்தால் பெரும்பாலும் இரும்புக்குறைவு. எம்சிவி குறைந்தும் ஆர்டிடபிள்யூ அவ்வளவாக ஏறவில்லை என்றால் தலசீமியா மரபைச் சந்தேகிக்கலாம். அதில் எல்லா அணுவும் ஒரே மாதிரி சிறுத்திருக்கும். ஆனாலும் இது துப்புதான், தீர்ப்பு இல்லை.

ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் சிறுத்து, நடுவில் வெளுத்த அணுக்கள். இடையிடையே முட்டை வடிவில் பெரிய அணுக்கள். வெள்ளணு சிலவற்றில் உட்கரு ஆறு மடலாகப் பிரிந்திருந்தது. சிறியவை இரும்புக் குறைவால் வந்தவை: ஹீமோகுளோபின் நிறையத் தாமதமாவதால் வளரும் அணு கூடுதலாக ஒருமுறை பிரிந்து சிறுத்துவிடும். பெரியவை பி12 குறைவால் வந்தவை: டிஎன்ஏ படியெடுக்க முடியாமல் பிரிவது தள்ளிப்போக, உடம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இரண்டு குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டித்தான் அந்த 87. பிறகு பரிசோதித்ததில் ஃபெரிட்டின் 8, பி12 130. இரண்டுமே ரொம்பக் குறைவு.

பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், சுத்த சைவம், பாலும் பிடிக்காது. பி12 குறைய இது போதும். கால் மரத்துப்போகிறது என்று அம்மா சொன்னதைச் சர்க்கரை என்று நினைத்தோமே, அதில் பி12-க்கும் பங்கு இருக்கலாம். அதனால் வெறும் ஃபோலிக் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதே. ரத்தம் தேறுவதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். டாக்டரைப் பார்த்து பி12 ஊசியையும் இரும்பு மாத்திரையையும் ஆரம்பித்துவிடு. இரும்பு எங்கே போயிற்று என்பதையும் கேள். இந்த வயதில் வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்க்காமல் விடக்கூடாது. அணுவின் அளவு அதைச் சொல்லாது.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் எடுக்கும் ரிப்போர்ட்டில் ஆர்டிடபிள்யூ இன்னும் ஏறியிருந்தால் பதறாதே. பழைய அணுக்களோடு புதிதாகப் பிறந்தவையும் கலந்து ஓடுவதால் அப்படி ஆகும். பழையவை மறைய நாலு மாதம் பிடிக்கும். அதுவரைக்கும் அம்மா சாப்பிட்ட கையோடு காபி குடிக்காமல் பார்த்துக்கொள். அதுதான் உனக்குக் கஷ்டமான வேலை.

அன்புடன்,
அக்கா