எக்கோ கம்பியில் நான் விழுங்கிய இரண்டு ரெசிஸ்டர்

வெதுருகுப்பத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைப் போனில் பார்க்க வேண்டும் என்பது அக்கா மகனின் ஆசை. பிரெட்போர்டு படம் ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "மாமா, எந்தப் பின் எங்கே போகுதுன்னு எழுதிக் குடுங்க" என்றான். நோட்எம்சியு போர்டு, HC-SR04 அல்ட்ராசோனிக் சென்சார், நாலைந்து கம்பி. பத்து வரிகூட வராத வேலை.

சென்சாரின் எக்கோவிலிருந்து ஒரு மஞ்சள் கம்பி 22-ஆம் வரிசைக்கு வந்தது. 26-ஆம் வரிசையிலிருந்து இன்னொரு மஞ்சள் கம்பி D6-க்குப் போனது. நடுவே பழுப்பாக ஏதோ கலங்கித் தெரிந்தது. நிறம் ஒன்றாக இருந்ததால் ஒரே கம்பி என்று வைத்துக்கொண்டு "எக்கோ – D6" என்று எழுதினேன். பிரெட்போர்டில் ஒரே வரிசையின் ஐந்து துளைகள்தான் உள்ளே சேர்ந்திருக்கும். 22-க்கும் 26-க்கும் இடையே எதுவும் இல்லாமல் மின்சாரம் தாண்டாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தெளிவான படம் அனுப்பு என்று கேட்கவில்லை. மாமாவுக்குப் புரியவில்லை என்று அவன் நினைத்துவிடுவானோ என்ற வீறாப்புதான் காரணம்.

அந்தக் கலங்கல் இரண்டு ரெசிஸ்டர். சென்சார் 5 வோல்ட்டில் ஓடுகிறது, எக்கோவும் 5 வோல்ட் தருகிறது. நோட்எம்சியுவின் பின்னுக்கு 3.3 வோல்ட்தான் கணக்கு. 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் சேர்ந்து அந்த ஐந்தை மூன்றில் இரண்டு பங்காக, ஏறக்குறைய 3.3-ஆகக் குறைக்கும்.

கொடுமை என்னவென்றால், ரெசிஸ்டர் இல்லாமலும் அது வேலை செய்தது. சில வாரம் கழித்துத்தான் எப்போதும் 0 காட்ட ஆரம்பித்தது. மீட்டர் வைத்து எக்கோவைப் பார்த்தேன். அரை வோல்ட்கூட இல்லை. 5 வோல்ட் எங்கே வருகிறது என்று நிம்மதியானேன். அதுவும் தப்பு. ஒரு மீட்டர் தூரத்துக்கு எக்கோ ஆறு மில்லிவிநாடிதான் உயர்ந்திருக்கும்; மீட்டர் காட்டுவது சராசரி. சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்க வைத்தேன். அதிலும் 0. எக்கோ கம்பியை D7-க்கு மாற்றி, புரோகிராமிலும் மாற்றியதும் அளவு வந்தது. செத்தது D6 பின். "மட்டமான போர்டுடா" என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

உண்மையில் நான் கொடுத்திருக்க வேண்டிய பட்டியல் இது. கம்பி கம்பியாக இல்லாமல், ஒவ்வொரு வரிசையிலும் என்னென்ன சேர்கிறது என்று பார்த்து எழுதியது:

```
VIN (5V)     : VCC
GND          : GND, 2k
D5 (GPIO14)  : Trig
row 22       : Echo, 1k
row 26       : 1k, 2k, D6 (GPIO12)
```

இப்படி எழுதியிருந்தால், படத்தில் வேறெதுவும் தெரியாத 22-ஆம் வரிசையில் எக்கோ மட்டும் தனியாக நின்று என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

பழைய பட்டியலை அவன் ஹாஸ்டல் பையன்கள் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறானாம். போர்டு மட்டமில்லை என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அவனுக்குத்தான் முதலில் அனுப்பப்போகிறேன்.