மாசம் ஒன்றரைக் குப்பி: ஒரு சராசரி செஞ்ச வேலை

1/ ஆரப்பாளையத்துல சின்னதா ஆஸ்பத்திரி நடத்தின காலம். ஒரு மழைக்கால ராத்திரி சமயநல்லூர் பக்கமிருந்து ஒருத்தரைக் கூட்டி வந்தாங்க. வயல்ல பாம்புக்கடி. கண்ணாடிக் குழாயில 20 நிமிஷம் வெச்ச ரத்தம் உறையல. விஷமுறிவு மருந்து உடனே ஏத்தணும்.

2/ முதல் டோஸே 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏன்னா முறிக்க வேண்டியது உடம்பு எடையை இல்ல, விஷத்தை. மருந்தகத் தம்பி அலமாரியைத் திறந்துட்டு, "சார், அஞ்சுதான் இருக்கு"ன்னார்.

3/ அந்த அஞ்சு என் கணக்கு. அதுக்கு முந்தின 24 மாசத்துல மூணே பேருக்கு ஏத்தியிருந்தோம்: 10, 16, 10. மொத்தம் 36. மாசத்துக்கு 1.5. மூணு மாசத்துக்கு அஞ்சு போதும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

4/ ஆனா எந்த மாசமும் ஒன்றரைக் குப்பி செலவாகலையே! 21 மாசம் பூஜ்யம், மூணு மாசம் பத்தும் அதுக்கு மேலயும். நடக்காத ஒரு மாசத்துக்கு நான் மருந்து வாங்கி வெச்சிருந்தேன்.

5/ இருந்த அஞ்சை ஏத்திக்கிட்டே ஆம்புலன்ஸ்ல பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைச்சுட்டார். ஆனா எங்க நோட்டுல அன்னைக்குச் செலவு "5"னு பதிவாச்சு. தேவை 10. கையிருப்புதான் தேவைங்கிற பேர்ல உள்ள போச்சு. அதை வெச்சுச் சராசரி போட்டா அடுத்த தடவை இன்னும் குறைவா வாங்குவோம்.

6/ இந்த மாதிரி சரக்குக்கு 1972-ல கிராஸ்டன்ங்கிறவர் ஒரு வழி சொன்னார். ஒரே எண்ணை ரெண்டாப் பிரிங்க: வந்தா எவ்வளவு வருது? எத்தனை மாசத்துக்கு ஒருக்கா வருது? எங்களுக்கு 12 குப்பி, 8 மாசம். வகுத்தா அதே 1.5தான். ஆனா பிரிச்சதுமே தெரியுது, அலமாரியில இருக்க வேண்டியது ஒரு ஆளுக்கான அளவுன்னு.

7/ மூணு பேரை வெச்சு 12ங்கிற எண்ணையும் ரொம்ப நம்ப முடியாது. அதனால அளவை நோட்டுல தேடாம சிகிச்சை முறையிலிருந்து எடுத்தேன்: முதல் டோஸ் 10. மீதிக்குப் பெரியாஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு.

8/ தீர்ந்தா மறுநாளே ஆர்டர். சரக்கு வர 4 நாள். 8 மாசத்துக்கு ஒருத்தர்னா, அந்த 4 நாளுக்குள்ள இன்னொருத்தர் வர வாய்ப்பு ஏறக்குறைய 60-ல 1. மழைக்காலத்துல கடி கூடும், அந்தக் கணக்கு பொய்க்கும். அதனால அப்போ மட்டும் 20.

9/ நோட்டுல இப்போ ரெண்டு கட்டம்: கொடுத்தது, தேவைப்பட்டது. அந்த ராத்திரிக்கு நேரா 5-ஐ அடிக்காம பக்கத்துல 10னு எழுதி வெச்சேன்.