கைடு மாற்றக் கேட்டு ஒரு கடிதம்

எம்.இ. மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்தில் ப்ராஜெக்ட் லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே இருந்த கைடு பெயரைப் பார்த்ததும் திக்கென்றது. சார் நல்லவர்தான். ஆனால் அவருடைய வேலை இரும்புச் சட்ட இணைப்புகளைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்து பார்ப்பது. நானோ, ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட்டுக்குள் கடல் உப்பு எவ்வளவு இறங்கும் என்று பார்க்க நினைத்து, ட்ரயல் மிக்ஸ் வரை போட்டு வைத்திருந்தேன்.

உங்களுக்கும் இப்படி நேரலாம். அதனால் நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கடிதம் எழுதினேன். "என் கைடுக்கு இந்தத் தலைப்பில் அனுபவம் இல்லை. எனவே வேறு கைடு தரவும்." கோஆர்டினேட்டர் மேம் படித்துவிட்டு, "இது சார் மேல கம்ப்ளைன்ட் மாதிரி இருக்கே? உன் வேலைக்கு என்ன வேணும்னு ஒரு வரி கூட இல்லையே? முதல்ல சார்கிட்ட பேசினியா?" என்றார்.

பேசவில்லை. இன்டர்னல் மார்க் பயம்.

மறுநாள் போய் நின்றேன். ட்ரயல் மிக்ஸ் நோட்டைக் காட்டினேன். சார் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாடலிங்காவே பண்ணலாமேன்னு நெனச்சேன். ஆனா நீ ரொம்ப தூரம் வந்துட்ட. எழுதிக் கொடு, நானே ஃபார்வர்டு பண்றேன்" என்றார். அதன் பிறகுதான் கான்கிரீட் லேப் மேமிடம், அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு இடம் இருந்தது.

துறைத்தலைவருக்கு, கைடு வழியாக, இரண்டாவது கடிதம் இப்படிப் போனது:

"எனக்குக் கைடு ஒதுக்கியதற்கு நன்றி. என் தலைப்பு ஃப்ளை ஆஷ் கான்கிரீட்டில் குளோரைடு ஊடுருவல். இது முழுக்க லேப் சோதனை சார்ந்தது; சாரின் ஆய்வு இரும்பு இணைப்புகளின் மாடலிங் சார்ந்தது. ஃப்ளை ஆஷ் மெதுவாக வினைபுரிவதால் 28 நாள் முடிவு போதாது, 90 நாள் க்யூரிங் தேவை. இம்மாத இறுதிக்குள் காஸ்டிங் முடிந்தால்தான் இரண்டாம் ரிவ்யூவுக்கு முடிவுகள் கிடைக்கும். சாரிடம் பேசிவிட்டேன். கான்கிரீட் லேப் மேமும் இசைந்துள்ளார். கைடு மாற்றத்தைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பாருங்கள், இதில் யாரைப் பற்றியும் குறை இல்லை. இரண்டு வேலைகள் எங்கே பிரிகின்றன என்பது மட்டும்தான் இருக்கிறது. அந்த 90 நாள் கணக்குதான் ஹெச்.ஓ.டி. கண்ணில் பட்டது. "அப்போ இந்த வாரமே முடிவு பண்ணணும்" என்றார். தேதி இல்லாமல் எழுதியிருந்தால் அந்தக் கடிதம் ஃபைலிலேயே கிடந்திருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். தலைப்பு பதிவான பிறகு மாற்றுவது பெரும்பாடு.

முதல் ரிவ்யூவில் பேனலில் உட்கார்ந்திருந்தது பழைய கைடு சார்தான். "என்னப்பா, உப்பு இறங்கிச்சா?" என்று சிரித்தார். "இன்னும் க்யூரிங்லதான் சார் இருக்கு" என்றேன்.